கையெழுத்து என்னுடையதுதான், பணம் வாங்கவில்லை

புரோநோட்டை வைத்து ஒருவர் வழக்குப் போடுகிறார்: "3 லட்சம் கடன் கொடுத்தேன், திருப்பித் தரவில்லை." இதை யார் நிரூபிக்க வேண்டும்? ஒரு சங்கதியைச் சொல்லி அதன் பேரில் தீர்ப்புக் கேட்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது சட்டம். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இது 101-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 104-ஆம் பிரிவு.

பிரதிவாதி என்ன பதில் சொல்கிறார் என்பதைப் பொறுத்து வழக்கின் போக்கு மாறும். "அது என் கையெழுத்தே இல்லை" என்றால் சுமை வாதியின் தலையில்தான். பிரதிவாதி கையெழுத்துப் போட்டதைப் பார்த்த சாட்சியையோ நோட்டை எழுதியவரையோ அவர் கூண்டில் ஏற்ற வேண்டும்.

"கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் பணம் வாங்கவில்லை. சீட்டு எடுத்தபோது ஜாமீனாக வெற்று நோட்டில் போட்டுக் கொடுத்தேன்" என்று சொன்னால் கதை வேறு. கையெழுத்து உறுதியானதும், பணம் கைமாறியது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்த அனுமானத்தை உடைப்பது இனி பிரதிவாதியின் வேலை.

அதற்காக அவர் துளிச் சந்தேகமும் இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகம் எழுந்தாலே குற்றம் சாட்டப்பட்டவர் தப்பிவிடுவார். உரிமையியல் வழக்கில் இரண்டு கதைகளில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே கேள்வி. 51-க்கு 49 என்றாலும் 51 பக்கம்தான் தீர்ப்பு.

பிரதிவாதி சீட்டுப் புத்தகத்தைக் காட்டுகிறார். நோட்டின் தேதியும் சீட்டு எடுத்த தேதியும் ஒன்றாக இருக்கின்றன. குறுக்கு விசாரணையில், "3 லட்சம் ரொக்கம் எங்கிருந்து வந்தது?" என்று வக்கீல் கேட்கிறார். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் வாதி, "கையில் இருந்தது" என்கிறார். வங்கிக் கணக்கிலும் அதற்குத் தடயம் இல்லை. இவற்றில் எதுவும் தனியாக வழக்கை முடித்துவிடாது. ஆனால் சேர்த்துப் பார்த்தால் பிரதிவாதியின் கதை நம்பும்படி இருக்கிறது. அந்த நிலையில், பணம் கொடுத்ததைக் காட்டும் பொறுப்பு மீண்டும் வாதியிடமே வருகிறது. மாறாக, சீட்டுப் புத்தகமும் இல்லாமல் சாட்சியும் இல்லாமல் "வெற்று நோட்டு" என்று வாயால் மட்டும் சொன்னால் அனுமானம் அசையாது.

இரு பக்கமும் சரிசமமாக நின்றுவிட்டால், அந்தச் சங்கதியை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு யாருடையதோ அவருக்குத்தான் தோல்வி.

"வாங்கினேன், அடைத்துவிட்டேன்" என்பவருக்கும் இதே கதிதான். கடனை ஒப்புக்கொண்டதால், அடைத்ததை அவரே காட்டியாக வேண்டும். பகுதிப் பணம் கொடுக்கும்போதே நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி, நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். முழுதாக அடைத்ததும் அசல் நோட்டைக் கையில் வாங்காமல் திரும்பக் கூடாது.