தொட்டி எவ்வளவு பெரியது?

ஒரு தொட்டியில் 200 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மேலே இருக்கும் குழாயைத் திறந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர் விழும். அடியில் ஒரு கசிவு, அதன் வழியே நிமிடத்துக்கு 5 லிட்டர் போய்க்கொண்டிருக்கிறது. தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகும்?

20 என்ற விடை வாய்வரை வந்துவிடும். 15-ல் 5 போனால் 10, 200-ஐ 10-ஆல் வகுத்தால் 20. மீதியே இல்லாமல் வகுபட்டுவிடுவதால் சந்தேகம் எழுவதில்லை. ஆனால் அந்த 200 லிட்டர் ஏற்கெனவே தொட்டிக்குள் கிடக்கும் தண்ணீர். இன்னும் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் நேரம் சொல்ல முடியும். அதற்குத் தொட்டியின் கொள்ளளவு வேண்டும். அது கணக்கில் எங்குமே இல்லை. 20 நிமிடம் சரியாக இருக்க வேண்டுமானால் தொட்டி 400 லிட்டர் பிடிக்க வேண்டும். அப்படி யாரும் சொல்லவில்லை.

இந்த வகைக் கணக்குக்குப் பழைய மூதாதை ஒன்று உண்டு. பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேர் இளம் வயதில் தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கப்பலை வர்ணிக்கிறார். என்ன சரக்கு, எத்தனை பயணிகள், காற்று எந்தத் திசை, கடிகாரத்தில் மணி என்ன என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் கப்பல் தலைவரின் வயது என்ன என்று கேட்கிறார். அது விளையாட்டு. 1980-ஐ ஒட்டி பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் இதையே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் வைத்தார்கள். கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, தலைவருக்கு என்ன வயது? 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு வயதைக் கணக்கிட்டுத் தந்துவிட்டார்கள். 36 என்று வந்தால் வயது போலவே இருக்கிறது அல்லவா?

பிள்ளைகளை முட்டாள் என்பது தவறு. வகுப்பறை அவர்களுக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்த பாடம் இது. புத்தகத்தில் வரும் கணக்குக்கு விடை இருக்கும், தந்த எண்களையெல்லாம் பயன்படுத்த வேண்டும், ‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி. நூற்றுக்கணக்கான கணக்குகளில் இது பலித்திருக்கிறது. பலிக்காத ஒன்று வரும்போது அதை அடையாளம் காணும் வாய்ப்பே பிள்ளைக்குக் கிடைத்ததில்லை.

அடையாளம் காண ஒரு எளிய வழி, முதல் வாசிப்பில் எண்களை மறைத்துவிடுவது. தொட்டிக் கணக்கை இப்படிப் படித்துப் பாருங்கள்: தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, ஒரு பக்கம் தண்ணீர் வருகிறது, ஒரு பக்கம் போகிறது, எப்போது நிரம்பும்? கூட்டிக் கழிக்க எதுவும் இல்லாததால் மனம் தொட்டியின் மேல் போகிறது. “எவ்வளவு பெரிய தொட்டி?” என்ற கேள்வி தானாக வரும்.

அடுத்தது, கேள்வியிலிருந்து பின்னோக்கி நடப்பது. எனக்கு வேண்டியது நேரம். நேரம் வேண்டுமானால், இனி நிரம்ப வேண்டிய அளவும் நிமிடத்துக்கு ஏறும் அளவும் வேண்டும். ஏறும் அளவு 15-லிருந்து 5 போக 10 லிட்டர், அது கையில் இருக்கிறது. நிரம்ப வேண்டிய அளவு என்பது கொள்ளளவிலிருந்து 200-ஐக் கழித்தது. 200 இருக்கிறது, கொள்ளளவு இல்லை. எது இல்லை என்று இப்போது பெயர் சொல்லியே காட்டிவிடலாம். தந்த எண்களிலிருந்து முன்னோக்கி ஓடுகிறவருக்கு இந்த வெற்றிடம் கண்ணில் படாது, ஏனென்றால் அவர் கையில் எப்போதும் ஏதாவது எண் இருந்துகொண்டே இருக்கும். ஜார்ஜ் போலியா 1945-ல் வெளியிட்ட கணக்குத் தீர்க்கும் முறை பற்றிய புகழ்பெற்ற நூலிலும், கண்டுபிடிக்க வேண்டியது எது, தந்திருப்பது எது, தந்தது போதுமா என்ற கேள்விகள் தீர்க்கத் தொடங்கும் முன்பே வந்துவிடுகின்றன.

தேர்வில் இப்படி ஒரு கணக்கு வந்தால் இடத்தைக் காலியாக விடத் தேவையில்லை. கொள்ளளவு தரப்படவில்லை, அது C லிட்டர் என்றால் விடை (C − 200) ÷ 10 நிமிடம் என்று எழுதலாம். கணக்கு அனுமதிப்பது அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓர் எண் இல்லை என்பதாலேயே கணக்கு குறையுள்ளது என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் ஓர் ஊருக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார். சராசரி வேகம் என்ன? தூரம் தரவில்லை. எப்படிச் சொல்வது?

இல்லாத எண்ணுக்கு ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு மதிப்புகளைப் போட்டுப் பாருங்கள். தூரம் 120 கிலோமீட்டர் என்றால் போக 3 மணி, வர 2 மணி. மொத்தம் 240 கிலோமீட்டர், 5 மணி, சராசரி 48. தூரம் 60 என்றால் போக ஒன்றரை மணி, வர ஒரு மணி. 120 கிலோமீட்டர், இரண்டரை மணி, மறுபடியும் 48. எது போட்டாலும் விடை அசையவில்லை, ஆக அந்த எண் தேவைப்படவே இல்லை. (இரண்டு முறை ஒத்துவந்தது நல்ல சாட்சி, முழு நிரூபணம் அல்ல. தூரத்தை ஓர் எழுத்தாக வைத்துச் செய்தால் அது மேலும் கீழும் அடிபட்டுப் போவது தெரியும்.) தொட்டியில் இதே சோதனையைச் செய்யுங்கள். 500 லிட்டர் தொட்டிக்கு 30 நிமிடம், 1,000 லிட்டர் தொட்டிக்கு 80 நிமிடம். விடை ஆடுகிறது, ஆகவே அங்கே குறை நிஜம். வண்டிக் கணக்கிலேயே கேள்வியை மட்டும் மாற்றி, போய்வர மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேட்டால், அதுவரை தேவைப்படாத தூரம் உடனே தேவைப்படும். குறை இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது கேள்விதான்.

வங்கித் தேர்வுகளில் ‘டேட்டா சஃபிஷியன்சி’ என்ற பெயரில் வரும் பகுதி முழுக்க இதுதான். விடையைக் கேட்பதில்லை, தந்தது போதுமா என்று மட்டும் கேட்பார்கள். அங்கே ஒரு பொறி அடிக்கடி வரும். 2 பேனா, 3 பென்சில் 35 ரூபாய். 4 பேனா, 6 பென்சில் 70 ரூபாய். இரண்டு தகவல், இரண்டு விலை, போதும் என்று தோன்றும். இரண்டாவது வரி முதல் வரியை இரட்டித்தது மட்டுமே, புதிதாக எதுவும் சொல்லவில்லை. பேனா 10 ரூபாய், பென்சில் 5 ரூபாய் என்றாலும் பொருந்தும், பேனா 7, பென்சில் 7 என்றாலும் பொருந்தும்.

சில நேரம் காணாமல் போவது எண்ணே அல்ல, ஒரு நிபந்தனை. 1 லட்சம் ரூபாய் கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம், 12 மாதத் தவணை. மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? எண்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் வட்டி எதன் மேல் என்று சொல்லவில்லை. முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி என்றால், அதாவது ஃபிளாட் ரேட் என்றால், வட்டி 12,000, மாதத் தவணை சுமார் 9,333 ரூபாய். கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்றால் மாதம் சுமார் 8,885 ரூபாய்தான், ஆண்டு முழுக்க வட்டி ஏறத்தாழ 6,600. ஒரே விளம்பர வரி, வட்டியில் கிட்டத்தட்ட இரு மடங்கு வித்தியாசம்.

கடன் தருகிறவரிடம் இரண்டாம் மாதத் தவணையில் வட்டி எவ்வளவு என்று கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். 1,000 என்று சொன்னால் ஃபிளாட். 921 என்று சொன்னால் குறையும் அசலுக்கு வட்டி.