ஸ்வெட்ஷர்ட்டின் இடுப்போரம் ஏன் ஒரு ரிப் பட்டை?

சில ஸ்வெட்ஷர்ட்டுகளிலும் ஹூடிகளிலும் அக்குளுக்குக் கீழே, இரண்டு பக்கமும் வரிவரியான ரிப் துணிப் பட்டை ஒன்று இறங்கி வரும். பலர் அதை அலங்காரம்னு நினைக்கிறாங்க. அது ஒரு சலவைப் பிரச்சினைக்குக் கண்ட தீர்வு.

1920, 30-களில் அமெரிக்கக் கல்லூரி அணிகள் கம்பளி ஜெர்சியை விட்டு, அரிக்காத பருத்தி ஸ்வெட்ஷர்ட்டுக்கு மாறின. ஆனால் பருத்திப் பின்னல் துணி சுடுநீரில் துவைத்தால் சுருங்கும். அதுவும் அகலத்தைவிட நீளத்தில் அதிகம். காரணம், பின்னும்போதும் சாயமிடும்போதும் துணி நீளவாக்கில் இழுபடுகிறது; அதன் கண்ணிகளும் நீண்டுபோய் நிற்கின்றன. ஈரமும் சூடும் பட்டதும் அவை பழைய வடிவத்துக்குத் திரும்புகின்றன. 70 செ.மீ. நீளச் சட்டை நீளத்தில் 6 சதவீதம் சுருங்குதுன்னு வைங்க. 4 செ.மீ.க்கு மேல் போச்சு. கையைத் தூக்கினால் வயிறு தெரியும்.

நியூயார்க் மாநிலம் ரோச்செஸ்டரில் இருந்த சாம்பியன் நிறுவனம் இதற்கு ஒரு எளிய வழி கண்டது. துணியை 90 டிகிரி திருப்பிப் போட்டு வெட்டினார்கள். இப்போது அதிகச் சுருக்கம் அகலத்தில் விழும், நீளம் ஏறக்குறைய தப்பிக்கும். 1938-ல் காப்புரிமையும் கிடைத்தது. 'ரிவர்ஸ் வீவ்' என்று பெயர். வீவ் என்றால் நெசவு. உண்மையில் இது பின்னல்தான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கு. பின்னல் துணி அகலவாக்கில்தான் நன்றாக இழுபடும். திருப்பிப் போட்டதால் அந்த இழுவை நீளத்துக்குப் போய்விட்டது. மார்புப் பக்கம் இறுகியது, அங்கேதான் சுருக்கமும் விழுகிறது. அதற்காகத்தான் பக்கவாட்டில் ரிப் வைத்தார்கள். 1952-ன் இரண்டாவது காப்புரிமையில் இந்தப் பட்டையும் உண்டு. ரிப்பில் ஒரு வரிசை முன்னால், அடுத்தது பின்னால் என்று மாறி மாறி வருவதால் துணி விசிறி மாதிரி மடிந்து நிற்கும். இழுத்தால் விரிந்து, விட்டால் திரும்பும்.

மற்ற இரண்டு ஜாக்கெட்டுகளில் இந்தப் பிரச்சினையே வேறு மாதிரி. வார்சிட்டி ஜாக்கெட்டின் கம்பளி உடல் முன்பே நீரிலும் அழுத்தத்திலும் சுருக்கி இறுக்கப்பட்டது. அதுவும் சரி, தோல் கைகளும் சரி, அவ்வளவாக இழுபடாது. கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு மூன்றிலும் உடம்போடு பிடிப்பது கோடு போட்ட ரிப் மட்டும்தான். டிராக் ஜாக்கெட்டின் பாலியஸ்டர் டிரைகாட் துணி சூட்டில் வடிவம் நிலைநிறுத்தப்பட்டது, துவைத்தால் பெரிதாகச் சுருங்காது.

கடையில் 'ரிவர்ஸ் வீவ்' பாணி என்றால் பக்கப் பட்டையை மட்டும் நம்பாதீங்க. வெளிப்பக்கத் துணியை உற்றுப் பாருங்க, குட்டிக் குட்டி 'V' வரிசைகள் தெரியும். அவை மேலிருந்து கீழே ஓடினால் சாதாரண வெட்டு, பட்டை வெறும் தோற்றத்துக்கு. இடமிருந்து வலமாகப் படுத்திருந்தால், உண்மையாகவே திருப்பி வெட்டியது.