குரலின் எல்லை எவ்வளவு?

ஒரு பாடகரின் குரல் எவ்வளவு கீழே இறங்கும், எவ்வளவு மேலே ஏறும் என்பதை ஒலிப்பதிவிலிருந்தே அளந்துவிடலாம். பிராட் என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்தால், பாடிய சுருதி கோடாக ஏறி இறங்குவது திரையில் தெரியும். அதில் கோடு சற்று நேரம் சமமாக நிற்கும் இடங்களை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். கமகத்தில் ஒரு நொடி தொட்டுவிட்டு வந்த உச்சி கணக்கில் சேராது.

ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரை எடுத்துக்கொள்வோம். அவருடைய மத்திய ஸ்தாயி சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமத்தில் 98 ஹெர்ட்ஸிலும், தார ஸ்தாயி பஞ்சமத்தில் 392 ஹெர்ட்ஸிலும் அவர் நிலைத்து நின்றால், மேல் அளவு கீழ் அளவைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு ஸ்தாயிக்கும் அதிர்வெண் இரட்டிப்பாகும். ஆகவே அவர் குரலின் வீச்சு இரண்டு ஸ்தாயி.

கோடு திடீரென்று 98-லிருந்து 49-க்குக் குதித்தால் நம்பிவிடாதீர்கள். அதிர்வெண்ணைப் பாதியாகக் காட்டுவது இத்தகைய மென்பொருள்களுக்கு வழக்கமான பிழை. அந்த இடத்தைக் காதால் கேட்டுப் பாருங்கள். தம்புராவும் வயலினும் கோட்டைக் குழப்பும் என்பதால், குரல் மட்டும் உள்ள பதிவே நல்லது.

ஒரு பாட்டு காட்டுவது அந்தப் பாட்டு கேட்ட எல்லையைத்தான். பாடகரின் முழு எல்லையை அறியப் பல பதிவுகளை அளக்க வேண்டும்.