72 மணி நேரக் கெடு

வயல் முழுக்கப் போய்விட்டது, பிரீமியமும் கட்டியிருக்கிறேன், பிறகு ஏன் இழப்பீடு வரவில்லை? வெள்ளத்துக்குப் பிறகு டெல்டாவில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நெல்லின் இழப்பைத் தனி வயலாகப் பார்ப்பதில்லை, ஊர் முழுவதற்குமாகப் பார்க்கிறது. கிராமத்தில் சில வயல்களை அறுத்து எடை போடுவார்கள். ஏக்கருக்கு 1,000 கிலோ வரவேண்டிய இடத்தில் சராசரி 800 கிலோ என்றால், காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் எல்லோருக்கும். ஒரு மணிகூட அறுக்காதவருக்கும் அதே 20தான். சராசரி 1,000-ஐத் தாண்டினால் அவருக்கும் ஒன்றுமில்லை.

ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வயலில் நீர் தேங்குதல் போன்றவற்றுக்குத் தனி வயலைப் பார்ப்பார்கள். ஆனால் நீர் தேங்கும் பிரிவிலிருந்து 2018-ல் நெல்லை நீக்கிவிட்டார்கள். வெள்ளத்தில் மூழ்கும் முதல் பயிரையே நீக்கியது விசித்திரம்தான். 2026 காரிஃப் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. உங்கள் பருவத்துக்கான மாநில அறிவிக்கையில் இது இருக்கிறதா என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருந்தால், 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். இரண்டு உட்பிரிவுகளில் 1.20, 0.80 ஏக்கர் சம்பா. நவம்பர் 28 இரவு பத்து மணிக்கு வாய்க்கால் உடைகிறது. கெடு டிசம்பர் 1 இரவு பத்து மணி. தண்ணீர் வடியட்டும், சேதம் தெரியட்டும் என்று டிசம்பர் 3 வரை காத்திருந்தால் கெடு போயிற்று. 29-ம் தேதி காலையிலேயே 14447-க்கு அழைத்தோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கூடவே சர்வே எண், உட்பிரிவு, ரகம், நட்ட தேதி, பயிரின் பருவம், தண்ணீர் புகுந்த நேரம். சிட்டா, அடங்கலில் உள்ள உட்பிரிவும் காப்பீட்டு ரசீதில் உள்ளதும் ஒன்றுதானா என்று அன்றே ஒப்பிட்டுவிடுங்கள்.

படம் எடுக்கும்போது கைபேசியில் இருப்பிடம் காட்டும் வசதி இயங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கிய படத்தில் அந்த விவரம் பெரும்பாலும் அழிந்துவிடும். முதல் படம் வரப்பின் மூலையிலிருந்து. மோட்டார் கொட்டகையோ மின்கம்பமோ தெரிந்தால் இது எந்த வயல் என்ற சந்தேகம் வராது. அடுத்தது, குச்சி நட்டு நீரின் ஆழம். பிறகு உடைப்பு. இரண்டு உட்பிரிவுக்கும் தனித்தனியாக. தண்ணீர் வடிந்ததும் அதே மூலையில் நின்று மறுபடி ஒன்று.

பூக்கும் பருவத்தில் மூழ்கிய நெல்தான் ஏமாற்றும். வடிந்த பிறகு வயல் பச்சையாகவே நிற்கும், கதிரோ பதராகிவிடும். மதிப்பீட்டாளர் வரும் நாளில் நடு வயலுக்கு அழைத்துப் போய்க் கதிரை நசுக்கிக் காட்டுங்கள். அவர் எழுதும் தாளில் இரண்டு உட்பிரிவும் இருக்கிறதா, பாதித்த பரப்பும் சதவீதமும் என்ன என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து.