ஓட்டுபவருக்குக் கேட்காத ஒலி

மின்சார காரின் டேஷ்போர்டில் ஒருநாள் மஞ்சள் நிறத்தில் ஒரு செய்தி வருகிறது: பாதசாரிகளுக்கான எச்சரிக்கை ஒலி வேலை செய்யவில்லை, சர்வீஸ் சென்டருக்குச் செல்லுங்கள். சொற்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், விஷயம் ஒன்றுதான். கார் வழக்கம்போல ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, சார்ஜ் ஏறுகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டு ஓட்டுபவருக்கு அந்த ஒலி முன்பும் சரியாகக் கேட்டதில்லை. அதனால் பலர் செய்தியை அழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இது தவறு. அந்த ஒலி காருக்கு வெளியே நடப்பவருக்காக வைக்கப்பட்டது.

வேகமாகப் போகும் மின்சார காரின் டயர் இரைச்சலே அது வருவதைச் சொல்லிவிடும். மெதுவாக ஊரும்போதுதான் ஆபத்து. பார்க்கிங்கில் இருந்து வெளியேறும்போதும், தெருமுனையில் திரும்பும்போதும், ரிவர்ஸ் எடுக்கும்போதும் எஞ்சின் சத்தமும் இல்லை, டயர் சத்தமும் இல்லை. சத்தத்தை வைத்தே சாலையைக் கடக்கும் பார்வையற்றவருக்கு அந்த கார் அங்கே இல்லாததுபோல்தான். அமெரிக்காவில் பார்வையற்றோர் அமைப்புகள் போராடியதன் விளைவாக 2010இல் இதற்கென ஒரு சட்டம் நிறைவேறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதிய மின்சார, ஹைப்ரிட் கார்களிலும் இந்த ஒலி கட்டாயம். இந்தியாவிலும் இதைக் கட்டாயமாக்க 2025இல் வரைவு அறிவிப்பு வந்தது.

ஐரோப்பிய விதிப்படி, நகரத் தொடங்கியதிலிருந்து மணிக்கு 20 கி.மீ. வேகம் வரை ஒலி வர வேண்டும். 10 கி.மீ. வேகத்தில் குறைந்தது 50 டெசிபெல், 20 கி.மீ. வேகத்தில் 56 டெசிபெல். ரிவர்ஸில் 47 போதும். இவை பெரிய சத்தம் அல்ல, அமைதியான தெருவில் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும் அளவு. முதுமையில் மெல்லிய கீச்சு ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும். அதனால் ஒலியின் ஒரு பகுதியாவது 1,600 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது.

இவற்றைவிட முக்கியமானது சுருதி. வேகம் கூடக் கூட ஒலியின் சுருதியும் ஏற வேண்டும்: ஒவ்வொரு கி.மீ. வேகத்துக்கும் சராசரியாகக் குறைந்தது 0.8 விழுக்காடு. 5 கி.மீ. வேகத்திலிருந்து 20க்குப் போகும்போது இது ஏறக்குறைய 12 விழுக்காடு. பாடகர் ஷட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்கு ஏறும் தூரம் அது. கண் தெரியாதவர் இதிலிருந்து 'கார் இருக்கிறது' என்பதோடு 'வேகம் எடுக்கிறது', 'நிற்கப் போகிறது' என்பதையும் அறிகிறார். இந்தச் சேதி இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் இருந்தால் பயன் பாதிதான். 2022இல் அமெரிக்காவில் டெஸ்லா 5,78,000க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது இதையொட்டித்தான். ஓடும் காரின் வெளி ஸ்பீக்கரில் பாட்டும் விருப்பமான ஒலிகளும் போட வசதி இருந்தது. அவை எச்சரிக்கை ஒலியை மறைக்கும் என்பதால், மென்பொருளை மாற்றி, கார் கியரில் இருக்கும்போது அந்த வசதியை நிறுத்தினார்கள்.

இனி பழுதுக்கு வருவோம். ஸ்பீக்கர் பெரும்பாலும் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும். மழைநீர், சேறு, வாட்டர் வாஷின் வேகம் எல்லாம் அங்கேதான் படும். தேங்கிய மழைநீரில் ஓட்டிய சில நாள் கழித்துச் செய்தி வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்பீக்கரின் ஒயர் கனெக்டர். உள்ளே ஈரம் புகுந்து பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஸ்பீக்கருக்குப் போகும் மின்சுற்று அறுந்ததைக் கட்டுப்பாட்டுக் கருவி உணர்ந்து செய்தி போடுகிறது. களிம்பைத் துடைத்து, கனெக்டரையோ ஸ்பீக்கரையோ மாற்றினால் சரியாகிவிடும். கனெக்டர் நன்றாக இருந்தால் ஃப்யூஸ், அடுத்து ஸ்பீக்கர், கடைசியாகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று பார்க்க வேண்டும்.

ஆனால் மின்சுற்றை மட்டும் பார்க்கும் கருவிக்குத் தன் ஒலி கேட்காது. ஸ்பீக்கரின் வாயில் சேறு அடைத்து ஒலி மங்கிப்போனாலும் மின்சுற்று ஒழுங்காக இருந்தால் செய்தி வராது. அதனால் செய்தி வராததையே நம்பிவிடக் கூடாது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், ஓடும் வழியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஒருவரை நிற்கச் சொல்லி, 10 கி.மீ. வேகத்தில் அவரைக் கடந்து போங்கள். ரிவர்ஸிலும் ஒருமுறை செய்யுங்கள். ஸ்பீக்கர் முன்னால் மட்டும் உள்ள கார்களில் பின்னால் நிற்பவருக்கு ஒலி குறைவாகவே கேட்கும். பழுது நீங்கும் வரை ரிவர்ஸ் எடுக்குமுன் இறங்கிப் பின்பக்கம் பார்த்துவிட்டு, நடக்கும் வேகத்தைவிட மெதுவாக நகருங்கள்.