மூச்சை எண்ணும் ஒரு நிமிடம்

வார்டில் நன்றாகப் படுத்திருந்தவருக்குத் திடீரென்று உடல்நிலை மோசமாகிவிட்டது என்கிறோம். பிறகு அவருடைய சார்ட்டை எடுத்துப் பார்த்தால், பல நேரங்களில் மணிக்கணக்காகவே அறிகுறிகள் இருந்திருப்பது தெரியும். மூச்சு வேகமெடுத்திருக்கும், நாடி கொஞ்சம் ஏறியிருக்கும், லேசான காய்ச்சல் இருந்திருக்கும். தனித்தனியே பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்திருந்தால்தான் ஆபத்து கண்ணில் பட்டிருக்கும்.

அப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்கான மதிப்பெண் முறை ஒன்றை 1997-ல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் நகரில் உள்ள ஜேம்ஸ் பேஜெட் மருத்துவமனையின் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அதன்பின் மருத்துவமனைக்கு ஒரு சார்ட் என்று பெருகியதால், வேலை மாறிச் செல்லும் செவிலியர்கள் ஒவ்வோர் இடத்திலும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. 2012-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் நாடு முழுவதற்கும் ஒரே முறையைக் கொண்டுவந்தது. 2017-ல் திருத்தப்பட்ட அதன் வடிவம்தான் ‘நியூஸ் 2’.

இதில் செவிலியர் ஏழு விஷயங்களைக் குறிக்கிறார்: மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, வெளியிலிருந்து ஆக்சிஜன் தரப்படுகிறதா என்பது, ரத்த அழுத்தத்தின் மேல் எண், நாடித்துடிப்பு, நினைவுத் தெளிவு, உடல் வெப்பம். வழக்கமான எல்லைக்குள் இருந்தால் மதிப்பெண் 0. விலக விலக 1, 2, 3 என்று ஏறும். கூட்டுத்தொகைதான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது.

ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 64. குடலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அறுவை முடிந்து மூன்றாம் நாள். காலை 6 மணிக்கு எல்லாம் எல்லைக்குள், மொத்தம் 0. பூஜ்யம் என்றால் குறைந்தது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது விதி. அறுவை முடிந்தவர் என்பதால் முன்னதாகவே மதியம் 2 மணிக்குப் பார்க்கிறார்கள். ஆக்சிஜன் 95 சதவீதம், நாடி 96, வெப்பம் 38.1 டிகிரி. ஒவ்வொன்றுக்கும் 1, மொத்தம் 3. ஒன்று முதல் நான்கு வரை வந்தால், பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும். இன்னும் அடிக்கடி பார்க்கலாமா, மருத்துவரைக் கூப்பிடலாமா என்பதை அந்தச் செவிலியரே தீர்மானிப்பார்.

மாலை 6 மணி. ஆக்சிஜன் 94, நாடி 108, வெப்பம் 38.4. மூன்றுக்கும் மதியம்போலவே தலா ஒரு மதிப்பெண்தான். ரத்த அழுத்தம் 112, அதற்கு இன்னும் 0. மாறியிருப்பது மூச்சு: நிமிடத்துக்கு 23. அதற்கு 2. மொத்தம் 5. இங்கே ஆட்டமே மாறுகிறது. ஐந்தோ ஆறோ வந்தால் உடனே மருத்துவக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். தீவிர நோயாளிகளைக் கையாளத் தெரிந்த ஒருவர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். மணிக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும். மொத்தம் குறைவாக இருந்தாலும் ஏதாவது ஒன்றில் மட்டும் 3 விழுந்தால், அப்போதும் மணிக்கொருமுறை அளந்து மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

இரவு 7 மணி. மூச்சு 25, நாடி 116, ரத்த அழுத்தம் 104, வெப்பம் 38.6. குழாய் வழியே ஆக்சிஜன் தந்ததால் அதன் அளவு 96 ஆகியிருக்கிறது. அதற்கு 0 விழுந்தாலும், ஆக்சிஜன் தரப்படுகிறது என்பதற்கே 2 மதிப்பெண் உண்டு. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் சிகிச்சையே நோயை மறைத்துவிடும். எங்கே இருக்கிறோம் என்று நோயாளி குழம்புகிறார். புதிதாக வந்த குழப்பத்துக்கு முழுசாக 3. மொத்தம் 12. ஏழை எட்டினாலே இடைவிடாத கண்காணிப்பு தேவை. மூத்த மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சையில் தேர்ந்த குழு வர வேண்டும். ஐசியூவுக்கு மாற்றுவதை யோசிக்க வேண்டும். தையல் விட்டுக் குடல் கசிந்து, கிருமித்தொற்று உடல் முழுவதையும் தாக்கும் செப்சிஸ் இப்படித்தான் முகம் காட்டும்.

இப்போது மாலை 6 மணிக்குத் திரும்புவோம். அவசரத்தில் இருந்த ஒருவர் மூச்சை எண்ணாமல், பார்வைக்குச் சரியாக இருக்கிறது என்று 18 எனப் போட்டிருந்தால்? மூச்சுக்கு 0, மொத்தம் 3. விதிப்படி அடுத்த அளவு இரவு 10 மணிக்கோ 12 மணிக்கோ. ஏழு மணிக்கு நடந்தது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இது மிகையான கற்பனை அல்ல. மற்ற அளவுகளைக் கருவி தந்துவிடுகிறது. மூச்சை மட்டும் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் மனிதர் எண்ண வேண்டும். அதனால் பல நாடுகளின் வார்டு ஏடுகளிலும் 16, 18, 20 என்ற எண்கள் இயற்கைக்கு ஒவ்வாத அளவு குவிந்து கிடக்கின்றன. ஒரு வார்டின் சார்ட்டுகளில் எல்லாருக்கும் எல்லா வேளையும் 18 என்றிருந்தால், அங்கே மூச்சு எண்ணப்படவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

ஊகித்து எழுதப்படும் இந்த எண்தான் பெரும்பாலும் முதலில் மாறுகிறது. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. கழுத்துத் தமனிகளில் உள்ள உணரிகள் அதை மூளைத்தண்டுக்குத் தெரிவிக்க, அது கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றி அமிலத்தன்மையைக் குறைக்க மூச்சை முடுக்குகிறது. ரத்த அழுத்தமோ பல நேரங்களில் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ரத்தக் குழாய்கள் சுருங்கியும் இதயம் வேகமாக அடித்தும் அதைத் தூக்கி நிறுத்தும். அது விழும்போது நேரம் கடந்திருக்கும்.

சார்ட்டுக்கும் எல்லைகள் உண்டு. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு வேறு சார்ட்டுகள் இருக்கின்றன. ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரின் நாடி, ஆபத்திலும் ஏறாமல் இருக்கலாம். கறுத்த தோலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலும் தெரியவந்தது. நம்மைப் போன்றவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அதனால்தான், மதிப்பெண் குறைவாக இருந்தாலும் செவிலியருக்கு மனதில் உறுத்தினால் மருத்துவரை அழைக்கலாம் என்று நியூஸ் 2 வழிகாட்டுதலே சொல்கிறது. அந்த உறுத்தலை மதிக்காத மருத்துவர் இருக்கும் வார்டில் எந்த சார்ட்டும் உதவாது.

உங்கள் வீட்டார் யாராவது வார்டில் இருக்கும்போது, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று தடுமாறினால், அது வயதினால் வந்தது என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். அவருடைய இயல்பு செவிலியரைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். உடனே போய், “சிஸ்டர், இவர் இப்படிப் பேசுகிறவர் இல்லை, மூச்சும் வேகமாக இருக்கிறது, கொஞ்சம் வந்து எண்ணிப் பாருங்கள்” என்று சொல்லுங்கள்.