வரைபடமா, அட்டவணையா? பங்குதாரர்களுக்கு மாதக் கணக்கைக் காட்டும் முறை

தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பாட்டாளிகள் வேலை இழந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதம் பத்து வெள்ளி செலுத்தி நூறு வெள்ளிப் பங்கை வாங்கிய பால்வெட்டுத் தொழிலாளி, தோட்டத்தின் உடைமையாளர்களுள் ஒருவரானார். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. உடைமையாளர் ஆனவருக்குக் கணக்கைக் கேட்டறியும் உரிமையும் உண்டு. அக்கணக்கை அவர் விளங்கிக்கொள்ளும்படி காட்டுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் பொருள்.

உறுப்பினர்களுக்கு எண்கள் பிடிப்பதில்லை என்று கணக்கர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. அது முழு உண்மையன்று. நாள்தோறும் குலைகளை எண்ணியும், பால் நிறுத்துக் கிராணியிடம் சரிபார்த்தும் பழகியவர்கள் அவர்கள். அவர்கள் வெறுப்பது எண்ணையன்று. ஒரே தாளில் அறுபது எண்களை நெருக்கி அடுக்கி, எதைப் பார்ப்பது என்று சொல்லாமல் விடுவதையே.

ஆதலால் முதலில் நாம் கேட்க வேண்டியது, உறுப்பினரின் வினா யாது என்பதாகும். ‘ஏறுகிறதா, இறங்குகிறதா?’ என்பது வினாவாயின் வரைபடம் ஏற்றது. ‘எவ்வளவு, எங்கே போயிற்று?’ என்பது வினாவாயின் அட்டவணையே ஏற்றது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கிள்ளான் வட்டாரத்தில் கூட்டுறவுச் செம்பனைத் தோட்டம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அங்கே சனவரியில் 210 டன் குலையும், பிப்ரவரியில் 180 டன் குலையும் கிடைத்தன. இவ்விரு எண்களை மட்டும் கண்ட உறுப்பினர், விளைச்சல் விழுந்துவிட்டதென்று கவலையுறுவார். ஆனால் நம் நாட்டில் ஆண்டின் தொடக்க மாதங்களில் செம்பனை விளைச்சல் குறைவதும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெருகுவதும் வழக்கம். சென்ற ஆண்டு பிப்ரவரியில் கிடைத்ததோ 170 டன். உண்மையில் இவ்வாண்டு 10 டன் கூடியிருக்கிறது.

இதனை விளக்கக் கோட்டு வரைபடமே சிறந்தது. பன்னிரண்டு மாதங்களையும் அடியில் குறித்து, சென்ற ஆண்டைப் புள்ளிக்கோட்டாலும் இவ்வாண்டைத் தடித்த கோட்டாலும் வரைய வேண்டும். தடித்த கோடு மேலே செல்வதைக் கண்ட அளவிலேயே ஐயம் தீரும். இருபத்து நான்கு எண்களை அட்டவணையாக்கினால் இவ்வுண்மை எளிதில் புலப்படாது.

இனிப் பணத்துக்கு வருவோம். குலை டன்னுக்கு இரண்டு ஆண்டுகளிலும் 700 ரிங்கிட் என்று கொண்டால், பிப்ரவரிக் கணக்கு பின்வருமாறு அமையும்:

வரவு: சென்ற ஆண்டு 119,000, இவ்வாண்டு 126,000
செலவு: சென்ற ஆண்டு 79,000, இவ்வாண்டு 84,000
மீதம்: சென்ற ஆண்டு 40,000, இவ்வாண்டு 42,000

இங்கு இருப்பவை ஆறே எண்கள். வரவு 7,000 ரிங்கிட் கூடியும், அதில் 5,000 கூடுதற் செலவாகப் போய்விட்டது. மிஞ்சியது 2,000 மட்டுமே. விளைச்சல் வரைபடத்தை மட்டும் கண்டு மகிழ்ந்த உறுப்பினருக்கு இலாப ஈவு ஏன் அதிகம் உயரவில்லை என்பதை இந்தச் சிறு அட்டவணையே சொல்லும். உரத்திற்கா, கூலிக்கா, போக்குவரத்திற்கா அந்த 5,000 சென்றது என்ற அடுத்த வினாவும் இதிலிருந்தே பிறக்கும்.

வரைபடத்தில் ஓர் ஆபத்து உண்டு. மேற்கண்ட மீதத்தை இரண்டு பட்டைகளாக வரைபவர், அளவுகோலைச் சுழியத்தில் தொடங்காமல் 38,000 ரிங்கிட்டில் தொடங்கினால், ஒரு பட்டை மற்றதைப் போல் இரு மடங்கு உயர்ந்து நிற்கும். உண்மையான உயர்வோ நூற்றுக்கு 5 மட்டுமே. எண் எதுவும் பொய்யன்று. ஆயினும் கண் ஏமாறுகிறது. பட்டையின் அடியில் எந்த எண் எழுதப்பட்டுள்ளது என்று பார்த்தால் இதனைக் கண்டுகொள்ளலாம். சுழியம் இல்லையேல் காரணம் கேட்க வேண்டும். கோட்டு வரைபடத்தில் ஏற்ற இறக்கத்தையே காண்பதால், தொடக்க எண்ணைத் தெளிவாகக் குறித்திருந்தால் போதும்.

வட்டத்தைத் துண்டுகளாக வெட்டிக் காட்டும் படமும் பலரைக் கவரும். ஆனால் கோணத்தைக் காட்டிலும், ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளின் உயரத்தையே கண் சரியாக ஒப்பிடுகிறது என்பதைக் கிளீவ்லண்ட், மெக்கில் என்னும் அறிஞர்கள் 1984இல் சோதனை வாயிலாகக் காட்டினர். ஆதலால் செலவினங்களை ஒப்பிடப் பட்டைகளே மேல்.

நாம் பரிந்துரைக்கும் முறை இது: தாளின் முன்பக்கம் ஒரே ஒரு விளைச்சல் வரைபடம், அதன் தலைப்பில், ‘பிப்ரவரி விளைச்சல் சென்ற ஆண்டைவிட 10 டன் கூடுதல்’ என முடிவைச் சொல்லும் ஒரு வாக்கியம், பின்பக்கம், ஆயிரத்துக்குத் திருத்திய எண்களுடன் சிறு வரவு செலவு அட்டவணை. ஆண்டுப் பொதுக்கூட்டத்திலோ தணிக்கை செய்யப்பட்ட முழுக் கணக்கும் வைக்கப்பட வேண்டும். வரைபடம் கணக்கைப் படிக்கத் துணை செய்யுமேயன்றி, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளாது. படத்தைக் கண்டபின் தாளைத் திருப்பி, மீதம் என்ற வரியைத் தேடிப் படிக்கும் உறுப்பினரே தம் பங்கைக் காத்துக்கொள்பவர் ஆவார்.